பனையோலைப் பெட்டி கொழும்புக்குப் போக எது நல்லது: பஸ்ஸா, தபாலா, கூரியரா?

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருந்து பனையோலைப் பெட்டி பின்னி பேஸ்புக் பக்கத்தில் போட்டு விற்கிற தங்கச்சி ஒருத்தி போன மாதம் வட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "அக்கா, தெஹிவளையில இருந்து ஒரு ஆள் மூண்டு பெட்டிச் செட் கேக்கிறா. கூரியரில போடவா, இரவு பஸ்ஸில குடுத்து விடவா? காசை முதல்லயே கேக்கலாமோ, கேட்டா வேண்டாம் எண்டிடுவாவோ?" இதே கேள்வியை என்னிடம் குறைந்தது பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதுகிறேன். நானும் ஓலை வேலைதான் விற்கிறேன், அதனால் எல்லாக் கணக்கும் ஓலையை வைத்தே வரும்.

முதலில் அந்த மூன்று பெட்டிச் செட்டின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் எதில் அனுப்புவது என்ற முடிவு அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றுக்குள் ஒன்று போகிற மூன்று மூடிப் பெட்டிகள், பெரியது ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. குருத்தோலை, சாயம், சாயம் அவிக்கிற விறகு, விளிம்புக்குத் தைக்கிற நூல் எல்லாம் சேர்த்து 350 ரூபா. ஓலை வார்ந்து, ஈர்க்கு நீக்கி, பின்னி முடிக்க ஆறு மணித்தியாலம். மணிக்கு 200 ரூபா என்று தன் கைக்கூலியைப் போட்டால் 1,200. இதைப் போடாமல் விலை சொல்கிறவர்கள் நிறையப் பேர், வீட்டில் இருந்து செய்வதுதானே என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதே ஆறு மணித்தியாலம் வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருந்தால் காசு வந்திருக்கும். காட்போட் பெட்டி, பொலித்தீன், டேப் 180. டவுனுக்குப் போய்க் கொடுக்கிற செலவில் இந்தப் பார்சலின் பங்கு 70. மொத்தம் 1,800. அவள் போட்டிருக்கிற விலை 2,400. அப்படியென்றால் மிச்சம் 600 ரூபா, அனுப்புகூலி தனி.

சரி, இப்போது இதைக் காசு பிறகு, அதாவது வாங்குகிறவர் பொருள் கையில் கிடைத்தபின் காசு கொடுக்கிற முறையில் கூரியரில் போடுகிறாள் என்று வைப்போம். கூலி 450. பார்சல் தெஹிவளைக்குப் போகிறது, கூரியர்காரர் வாசலில் நின்று அழைக்கும்போது போன் எடுபடவில்லை, இரண்டாம் தரமும் எடுபடவில்லை, மூன்றாம் தரம் "இப்ப காசில்லை" என்கிறார்கள். பார்சல் திரும்பி வருகிறது. போன கூலி 450 அவள் தலையில், சில கூரியர்கள் திருப்பிக் கொண்டுவருவதற்கும் ஒரு தொகை எடுப்பார்கள், அதைச் சேர்க்கவே இல்லை. பொதி செய்த 180 உம் போயிற்று. இது 630, ஒரு செட்டின் மிச்சத்தை விடக் கூட. அதுவாவது பரவாயில்லை, ஓலைப் பெட்டி இரண்டு தரம் லொறி ஏறி இறங்கி நசுங்கி வந்தால் திரும்ப விற்க முடியாது, அப்போது செய்த செலவு 1,800 உம் கூலி 450 உம் சேர்ந்து 2,250 போகிறது. நாலு செட் விற்று மிச்சம் பிடித்த 2,400 ஐ ஒரு திரும்பல் ஏறக்குறைய முழுதாகக் கொண்டுபோய்விடும். உடுப்பும் போன் கவரும் விற்கிறவர்களுக்குத் திரும்பி வருகிற பொருளை அடுத்தவருக்கு அனுப்பலாம். நமக்கு அது முடியாது, அதிலும் "சிவப்பில் என் மகளின் பெயரைப் பின்னித் தாங்கோ" என்று சொல்லிச் செய்வித்த பெட்டி என்றால் அது யாருக்கும் உதவாது.

அதற்காக முழுக் காசையும் முதலே போடு என்று கேட்டால் புதிய ஆள் தயங்குவதும் நியாயம்தான். பேஸ்புக்கில் காசு வாங்கிக்கொண்டு காணாமல் போன பக்கங்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கொழும்பில் இருக்கிற ஒருவருக்குப் பரந்தனுக்கு உள்ளே எங்கோ இருக்கிற உங்களைத் தெரியாது. நான் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான்: ஏற்கெனவே பின்னி வைத்திருக்கிற பொருள் என்றால் அனுப்புகூலியை மட்டும் முதலே வங்கியில் போடச் சொல்வேன், பொருளின் விலையைக் கையில் கிடைத்தபின் கொடுக்கலாம். 450 ரூபா போட்டவர் பார்சலை எடுக்காமல் விடுவது மிகவும் குறைவு, விளையாட்டுக்கு ஓடர் போடுகிறவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். சொல்லிச் செய்விக்கிற பொருள் என்றால் பாதிக் காசு வந்தபின்தான் ஓலையை நனைப்பேன், மீதியைப் பின்னி முடித்த போட்டோ பார்த்தபின் போடவேண்டும், அதன் பிறகுதான் பார்சல் வீட்டை விட்டு வெளிக்கிடும். இரண்டாம் தரம் வாங்குகிறவர் யாரும் இதைப் பற்றிக் கதைப்பதே இல்லை, அவர்களாகவே முழுக்கப் போட்டுவிடுவார்கள்.

காசு வந்ததா என்று பார்ப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். அனுப்பிய பற்றுச்சீட்டின் ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்து பார்சலைக் கொடுக்க வேண்டாம். ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்கு உடனே போகிற முறையும் உண்டு, அடுத்த வேலை நாளில் போகிற முறையும் உண்டு, பிந்திய திகதிக்குப் போட்டு வைக்கவும் முடியும், போட்டோவில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். எனக்கு ஒரு முறை 3,200 ரூபாவுக்குச் சீட்டு வந்தது, அன்றே அனுப்பினேன், காசு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. இப்போது என் கணக்கில் தொகை ஏறி, வங்கியின் குறுஞ்செய்தியோ செயலியில் மீதியோ கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. "அக்கா, காசு இன்னும் ஏறேல்ல, ஏறின உடன அனுப்புறன்" என்று எழுதுவதில் எந்த அவமரியாதையும் இல்லை, நேர்மையான ஆள் ஒருவரும் இதற்குக் கோபித்ததில்லை.

இனி வழிகள். இரவு பஸ்தான் வன்னியில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. ஏ9 வீதியில் இரவு ஏறினால் விடிய வெள்ளவத்தை, கூலியைக் கண்டக்டரோடு கதைத்துக் கொடுக்கலாம், பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுபோவது போலக் கவனமாகக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அளவு பெரிதென்று கூலி ஏறுவதும் குறைவு. ஆனால் வாங்குகிறவர் அதிகாலை நாலரைக்கோ ஐந்துக்கோ பஸ் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், பஸ் பிந்தினால் காத்திருக்க வேண்டும், பற்றுச்சீட்டு இல்லை, தொலைந்தால் கேட்க ஓர் இலக்கம் இல்லை. கண்டக்டரின் போன் நம்பரும் பஸ்ஸின் இலக்கத் தகடும் பார்சலும் ஒரே போட்டோவில் வருகிற மாதிரி எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புவது நான் பழகிக்கொண்ட ஒன்று. இது தெரிந்தவருக்கும், வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிறவருக்கும், பெரிய பொருளுக்கும் நல்லது. முன்பின் தெரியாத ஒருவரின் முதல் ஓடரை பஸ்ஸில் விடமாட்டேன், ஏதாவது பிழைத்தால் யார் பக்கம் பிழை என்று காட்ட இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது.

தபால் பற்றிப் பலர் கதைப்பதே இல்லை, எனக்கு அது மிகவும் பிடித்த வழி. கிராமத்துக்குள் இருக்கிற உப தபால் கந்தோரில்கூடப் பார்சலை ஏற்பார்கள், நிறையின்படி கூலி, பதிவுத் தபாலில் போட்டால் இலக்கம் கிடைக்கும். கூரியர் வாகனம் எட்டாத இடங்களுக்கும் தபால்காரர் போவார், வாங்குகிறவர் பதுளையிலோ அம்பாறையிலோ உள்ளே இருந்தால் இதுதான் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. குறை என்னவென்றால் எந்த நாளில் போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, போயா, ஞாயிறு எல்லாம் கழிய வேண்டும், 2025 ஆகஸ்டில் நடந்தது போல வேலைநிறுத்தம் வந்தால் பார்சல் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். பிறந்தநாளுக்கு என்று கேட்கிற பொருளை இதில் போட வேண்டாம். முழுக் காசு வந்த, அவசரமில்லாத, சின்னப் பொருளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

கூரியரில் இலக்கம் கிடைக்கும், வாசலுக்குப் போகும், காசும் வாங்கித் தருவார்கள், ஆனால் அந்தக் காசு உங்கள் கைக்கு வர ஒரு வாரம்கூடப் போகலாம், அதுவரை அடுத்த ஓலைக்குக் கையில் காசு இருக்கவேண்டும். ஓலை விற்கிறவர்கள் கூரியரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நீங்கள் தராசு நிறைக்குக் கூலி எடுப்பீர்களா, பெட்டியின் அளவுக்கு எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அளவுக்கு எடுக்கிற இடங்களில் நீளம், அகலம், உயரத்தைச் சென்றிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் பிரிப்பது வழமை, வருகிற எண்ணைக் கிலோ என்று எடுத்து, தராசு நிறையோடு ஒப்பிட்டு எது கூடவோ அதற்குக் கூலி. ஓலை பாரம் இல்லாத, இடம் பிடிக்கிற பொருள் என்பதால் இந்தக் கணக்கு நமக்கு நன்றாக அடிக்கும்.

மூன்று பெட்டிச் செட்டையே பாருங்கள். காட்போட் பெட்டியின் அளவு 26, 26, 18 சென்றிமீற்றர். பெருக்கினால் 12,168, பிரித்தால் 2.43. தராசில் ஒரு கிலோகூட இல்லை, கூலியோ மூன்று கிலோவுக்கு. முதல் கிலோ 450, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் 100 என்று வைத்தால் 650 ரூபா வரும். ஒரு கடகத்தை 40, 40, 25 பெட்டியில் போட்டால் சரியாக எட்டுக் கிலோ, கூலி 1,150, கடகத்தின் விலையே 1,500 தான். இதைப் பார்த்த பிறகு நான் கடகத்தையும் பெரிய சுளகையும் பேஸ்புக் பக்கத்தில் "கிளிநொச்சி, வவுனியாவில் நேரில் எடுக்கலாம், கொழும்புக்கு பஸ்ஸில் மட்டும்" என்று போட்டுவிட்டேன். ஒன்றுக்குள் ஒன்று போகிற பொருட்களையும், தட்டையாக மடிகிற பைகளையும், மேசையில் வைக்கிற சின்னத் தட்டுகளையும்தான் தூரத்துக்கு விற்கிறேன். என்ன பின்னுவது என்பதையே கூலி முடிவு செய்வது கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது, என் அம்மா பின்னுகிற கடகத்துக்கு இணையாக நான் ஒன்றும் பின்னியதில்லை.

எந்த வழியில் போனாலும் பொதி செய்வதில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது பூஞ்சணம். ஓலை காய்ந்திருந்தால் முறியும் என்று நனைத்துத்தான் பின்னுகிறோம், அந்த ஈரம் பின்னலின் மடிப்புக்குள், அதிலும் அடிப்பக்க மூலையில், இரண்டு மூன்று நாள் இருக்கும். வெளியே தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். மழைக்குப் பயந்து பொலித்தீனில் இறுக்கிக் கட்டி அனுப்பினால் நாலு நாள் லொறிச் சூட்டில் அது அவிந்து, வாங்குகிறவர் திறக்கும்போது அடியில் கறுப்புப் புள்ளியும் ஊத்தை மணமும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இது நிச்சயம் நடக்கும். நான் செய்வது, பின்னி முடித்துக் குறைந்தது மூன்று நாள் காற்றோட்டத்தில் விட்டு, கடைசி நாள் ஒரு நேர வெயில் காட்டி, உடனே கட்டாமல் நிழலில் ஆறவிட்டுப் பிறகு பொதி செய்வது. சூட்டோடு கட்டினால் பொலித்தீனின் உள்ளே வியர்க்கும். மூக்கை அடி மூலையில் வைத்து மணந்து பாருங்கள், பச்சை ஓலை மணம் வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காய்ந்த வைக்கோல் மணம் வந்தால் போகலாம். பெட்டியை முதலில் பழைய பேப்பரில் சுற்றி, அதன் மேல்தான் பொலித்தீன். சாயம் போட்டதென்றால் வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும், நிறம் பிடித்தால் அந்தச் சாயம் சரியாக அவியவில்லை, பக்கத்து நிறத்திலும் ஊறும்.

இரண்டாவது நசுங்குவது. கூரியர் கொடுக்கிற மெல்லிய பையில் ஓலைப் பெட்டியைப் போடவே கூடாது, மேலே அரிசிப் பை ஒன்று ஏறினால் போதும். காட்போட் பெட்டி வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, பல்பொருள் கடைகளில் பிஸ்கட் வருகிற பெட்டிகளைக் கேட்டு வாங்கி அளவுக்கு வெட்டி ஒட்டலாம், மேலே சொன்ன 180 இல் பாதி அங்கேயே மிஞ்சும். நடுவில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் கசக்கிய பேப்பரை இறுக்கி அடைக்க வேண்டும், பலர் வெளியில் மட்டும் அடைத்துவிட்டு உள்ளே வெறுமையாக விடுகிறார்கள், அதனால்தான் மூடி உள்ளே குழிகிறது. கட்டி முடித்து இரண்டு கையாலும் மேலே அழுத்திப் பாருங்கள், பிறகு காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது அசைகிற சத்தம் வந்தால் திறந்து இன்னும் அடையுங்கள்.

ஓடரை எடுக்கும்போது எழுதுவதும் பொதியில் ஒரு பங்குதான். பேஸ்புக் பின்னூட்டத்தில் "ஒண்டு வேணும்" என்று போட்டதை ஓடர் என்று எடுக்க வேண்டாம், வட்ஸ்அப்புக்கு வரச் சொல்லுங்கள், அங்கே எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி அவர் "சரி" என்று சொன்னால்தான் ஓடர். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அக்கா. மூன்று பெட்டிச் செட் 1, சிவப்பும் பச்சையும், பெரிய பெட்டி 24 செ.மீ. விலை 2,400, அனுப்புகூலி 450, மொத்தம் 2,850. கையால் பின்னுவதால் அளவு ஒரு செ.மீ. கூடிக் குறையலாம், நிறம் போனில் தெரிவதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். கூலி 450 கிடைத்த மறுநாள் அனுப்புவேன், பிறகு 2 முதல் 4 நாள். முழு முகவரி, பக்கத்தில் உள்ள கடை அல்லது கோயில், பகலில் எடுக்கிற இரண்டு போன் நம்பர் அனுப்புங்கோ. பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கோ, உடைந்திருந்தால் வேறு அனுப்புவேன்."

இரண்டாவது போன் நம்பர்தான் இதில் மிகவும் உதவியது. அதைக் கேட்கத் தொடங்கிய பிறகு திரும்பி வருகிற பார்சல்கள் கண்ணுக்குத் தெரிய குறைந்தன, ஏனென்றால் பாதித் திரும்பல் ஆள் வேண்டாம் என்றதால் வந்ததல்ல, வேலை நேரத்தில் தெரியாத நம்பரை எடுக்காததால் வந்தது. லண்டனில் இருக்கிற மகன் வவுனியாவில் இருக்கிற அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிற ஓடர்களில் அம்மாவின் நம்பரோடு பக்கத்து வீட்டு நம்பரும் வாங்குவேன். எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பதையும் எப்போதும் இரண்டு எண்ணாகவே சொல்லுங்கள், மழை நாளில் அதையும் சொல்லாமல் வீதி நிலைமையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எந்தப் பார்சல் எப்போது போகும் என்று நாட்டில் யாருக்கும் சொல்ல முடியாமல் இருந்தது.

அனுப்புகூலியை விலைக்குள் சேர்த்து "இலவச விநியோகம்" என்று போடலாமா என்றும் கேட்கிறார்கள். சின்ன ஊருக்குள் விற்கிறவர் செய்யலாம். நமக்குக் கூலி இடத்துக்கு இடம், அளவுக்கு அளவு மாறுவதால் வவுனியாக்காரரிடம் காலிக்காரரின் கூலியையும் வாங்குவது போல ஆகிவிடும், இரண்டு செட் ஒன்றாக வாங்குகிறவருக்கும் நியாயமில்லை. தனியாகவே எழுதுங்கள். அதற்குப் பதிலாகப் பொருளின் விலையில் ஒவ்வொரு செட்டுக்கும் நூறு ரூபாவை உடைவுக்கும் திரும்பலுக்கும் என்று ஒதுக்கி வையுங்கள். உடைந்தது என்று வீடியோ வரும்போது சண்டை போடாமல் வேறு ஒன்று அனுப்ப அந்தக் காசுதான் துணை.

அந்தத் தங்கச்சியின் ஓடருக்கு நான் சொன்னது, தராசு நிறைக்குக் கூலி எடுக்கிற கூரியர், 450 முதலே, மீதி 2,400 வாசலில். தெஹிவளைக்கு பஸ் சரிதான், ஆனால் வாங்குகிறவர் புதியவர், வேலைக்குப் போகிற பெண், விடிய எழும்பி வீதிக்கு வர மாட்டார். செவ்வாய்க்கிழமை மாலை கூலி கணக்கில் ஏறியது, புதன் காலை ஆறவிட்ட பெட்டிகளைக் கட்டி மத்தியான வாகனத்துக்கு முன் கொடுத்தாள், வெள்ளி பின்னேரம் போய்ச் சேர்ந்தது. திறந்த வீடியோவில் இரண்டாவது பெட்டியின் மூடி ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது, அந்த அக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை, ஆனால் தங்கச்சிக்கு மனம் கேட்கவில்லை. சின்னப் பெட்டிக்குள் பேப்பர் அடைத்தவள், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருந்த விரல் அகல இடைவெளியை விட்டுவிட்டாள். அடுத்த செட்டுக்கு அங்கே மெல்லிய காட்போட் பட்டி ஒன்றை வளைத்து வைத்துக் கட்டி, ஆட்டிப் பார்த்த சத்தத்தையும் பதிந்து எனக்கு அனுப்பியிருக்கிறாள்.